வளர்ப்பு ஆமையின் அடி ஓட்டில் அழுகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆமையின் அடி ஓட்டில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. இது ஓட்டழுகல்தானா?

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அழுகல் அன்று. நீர்வாழ் ஆமைகளின் ஓட்டில் வெள்ளைத் தோற்றம் வருவதற்கு மூன்று பொதுவான காரணங்கள் உண்டு. முதலாவது உப்புப் படிவு: கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, ஓடு காயும்போது மேலே படிந்து நிற்கும். காய்ந்திருக்கும்போது தெரிந்து, நனைத்தவுடன் மறைந்துவிடுவதும், விரலால் தடவினால் மேற்பரப்பு வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதும் இதன் அடையாளங்கள். இரண்டாவது இயல்பான தகடு உரிதல்: ஓட்டின் மேல் தகடு கண்ணாடித்தாள் போல மெல்லியதாகப் பிரியும்போது, அடியில் காற்றோ நீரோ புகுந்து வெளிறித் தெரியும். உரிந்து விழுவது முழுத் தகட்டின் வடிவத்தில் இருக்கும். அதன் கீழே சுத்தமான, பளபளப்பான புதுத் தகடு காணப்படும்.

மூன்றாவதுதான் அழுகல். இதைக் கண்டறிய ஆமையை வெளியே எடுத்து, மெல்லிய துணியால் ஒற்றி, அரை மணி நேரம் உலரவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். திட்டின் விளிம்பு ஒழுங்கற்றுக் கரடுமுரடாக இருக்கிறதா, அந்த இடம் சற்றே குழிந்திருக்கிறதா, ஈரமான பஞ்சுக்குச்சியால் மெதுவாக அழுத்தினால் அமுங்குகிறதா அல்லது மாவு போல் உதிர்கிறதா என்று கவனியுங்கள். பிறகு அந்த இடத்தை முகர்ந்து பாருங்கள். ஆரோக்கியமான ஓட்டில் தொட்டி நீரின் வாடைக்கு மேல் எதுவும் இராது. அழுகலில் கெட்ட நாற்றம் தனியாகத் தெரியும். மேலோட்டமான அழுகலில் நாற்றம் இல்லாமலும் போகலாம் என்பதால், நாற்றம் இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது. ஊசி, கத்தி, நகம் எதையும் கொண்டு கிளறிப் பார்க்க வேண்டாம்.

ஓடு வெறும் கவசம்தானே? அது எப்படி அழுகும்?

வெளியே தெரியும் தகடுகள் நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனவை. அவற்றுக்கு அடியில் உயிருள்ள மெல்லிய தோல் படலம் இருக்கிறது. அதற்கும் அடியில் இரத்த ஓட்டமுள்ள எலும்பு இருக்கிறது. மேல் ஓட்டில் முதுகெலும்பும் விலா எலும்புகளும் அந்த எலும்போடு ஒன்றாகவே இணைந்துள்ளன. ஆகவே, தகட்டில் ஏற்படும் கீறலோ, இரு தகடுகள் சந்திக்கும் கோட்டில் ஏற்படும் ஊறலோ, உயிருள்ள திசுவுக்குள் கிருமி நுழையும் வாசலாகிவிடுகிறது. தொற்று தகட்டோடு நிற்கும்வரை அது மேலோட்டமான நோய். எலும்பை எட்டிவிட்டால் அது எலும்பு நோய். அங்கிருந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. பிறகு ஏன் நோய் வந்தது?

தெளிவு வேறு, தூய்மை வேறு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் நிறமற்றவை. நீர்ச்சோதனைக் கருவி இல்லாமல் கண்ணால் அவற்றைக் காண முடியாது. ஆமை நுரையீரலால் சுவாசிப்பதால், மீனைக் கொல்லும் அளவு அம்மோனியாவிலும் அது நீந்திக்கொண்டிருக்கும். அதனால்தான் வளர்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் அந்த நீர் தோலையும் கண்களையும் எரிச்சலூட்டும். அம்மோனியா குவியும் நீரில் சிதையும் கழிவும் மிகுதியாக இருப்பதால், அதை உண்டு பெருகும் பாக்டீரியாக்களும் மிகுதியாகவே இருக்கும்.

ஓட்டழுகலில் காணப்படும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ், சிட்ரோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் எங்கிருந்தோ புதிதாக வந்தவை அல்ல. ஆமை வாழும் நீரில் அவை எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். ஓடு கெட்டியாகவும் ஆமை நல்ல உடல்நிலையிலும் இருக்கும்போது அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது; ஊறிய ஓடு, கீறல், குறைந்த வெப்பநிலையால் தளர்ந்த எதிர்ப்பு சக்தி ஆகியவை சேரும்போதுதான் அவை உள்ளே புகுகின்றன. சில ஆமைகளில் பூஞ்சையும் காரணமாகிறது.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழும் இருக்க வேண்டும். ஆமை ஒரே அளவு மீனைவிடப் பன்மடங்கு கழிவை வெளியிடுவதால், மீன் தொட்டிக்கு எனக் குறிக்கப்பட்ட ஃபில்டர் ஆமைக்குப் போதாது. தொட்டியில் உள்ள நீரின் அளவைப்போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு கொள்ளளவுக்கென விற்கப்படும் ஃபில்டரை வைத்து, வாரந்தோறும் கால் பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றி, புதிய நீரில் குளோரின் நீக்கியைச் சேர்த்துவர வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். இல்லாவிட்டால் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குளோரினால் அழிந்துவிடும்.

வெயில் காயும் மேடை வைத்திருக்கிறேன். ஆமையும் அதில் ஏறுகிறது. அதில் என்ன குறை இருக்க முடியும்?

என் கருத்தில், அடி ஓட்டில் மட்டும் அழுகல் வரும் ஆமைகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேடையைத்தான். ஆமை மேடையில் இருக்கிறது என்பதையும் ஆமை உலர்ந்திருக்கிறது என்பதையும் நாம் ஒன்றாக எண்ணிக்கொள்கிறோம். மேலிருந்து பார்க்கும்போது முதுகு காய்ந்து மங்கலாகத் தெரியும். அதே நேரத்தில் வயிற்றுப் பக்கம் நாள் முழுவதும் ஈரத்தில் கிடக்கலாம்.

ஆமை மேடையில் இருக்கும்போது கீழே குனிந்து, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மிதக்கும் மேடைகள் ஆமை வளர வளர அதன் எடையில் சரியும். முன்பாதி உயர்ந்து நிற்க, பின்பாதியும் வாலும் நீருக்குள் இருப்பது மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய காட்சி. அடுத்து, விளக்கின் கீழ் ஆமை ஒரு மணி நேரம் இருந்த பிறகு, அதை மெதுவாகத் தூக்கி அடி ஓட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாகவும் முற்றிலும் உலர்ந்தும் இருக்க வேண்டும். மேடையின் பரப்பு வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால், ஓட்டுக்கும் மேடைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் சிக்கி நிற்கும். செயற்கைப் புல் விரிப்பாக இருந்தால் அது நீரை உறிஞ்சி எப்போதும் சொதசொதவென்று இருக்கும். துளைகளோ இடைவெளிகளோ உள்ள, நீர் வடிந்துவிடும் பரப்பே ஏற்றது. கூர்மையான கற்களை மேடையாக்கக் கூடாது. ஏறி இறங்கும்போதெல்லாம் அவை அடி ஓட்டைத் தேய்க்கும்.

வெப்பமும் அளந்து பார்க்க வேண்டிய ஒன்று. ரெட் இயர்டு ஸ்லைடர் போன்ற ஆமைகளுக்கு, மேடையின் பரப்பில் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி செல்சியஸும், நீரில் 24 முதல் 27 டிகிரியும் இருக்க வேண்டும். அறையின் காற்று வெப்பத்தை அல்லாமல், ஆமை படுக்கும் இடத்தின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளவிடுங்கள். மேடைக்கும் நீருக்கும் வேறுபாடு இல்லையென்றால் ஆமைக்கு மேலே ஏறக் காரணமே இராது. மாறாக விளக்கு மிக அருகில் இருந்தால் முதுகு ஓடு கருகிப் புண்ணாகி, அதுவே அழுகலுக்கு இடமாகிவிடும்.

புற ஊதாக் கதிரைத் தரும் யுவிபி விளக்கு தனியாக வேண்டும். ஒரு நாளைக்கு 10 முதல் 12 மணி நேரம் எரிய வேண்டும். கண்ணாடி மூடிக்கு மேலே வைத்தால் யுவிபி கதிர் கீழே வந்து சேராது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கதிரின் வலிமை மாதங்கள் செல்லச் செல்லக் குறைவதால், தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், மாற்ற வேண்டியிருக்கும். யுவிபி இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகாது, அது இல்லாமல் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேராது, ஓடு மென்மையாகும்.

ஒரே தொட்டியில் இரண்டு ஆமைகள் இருந்தால், வலிய ஆமை மேடையைப் பிடித்துக்கொண்டு மற்றதை இறக்கிவிடுகிறதா என்பதையும் பாருங்கள்.

என் ஸ்லைடர் 14 செ.மீ. நீளம். 90 லிட்டர் தொட்டியில் பாதிக்கு மேல் நீர், மிதக்கும் மேடை, மேலே கண்ணாடி மூடி, அதன்மேல் விளக்குகள். அடி ஓட்டின் பின்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் வெள்ளைத் திட்டு வந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. அம்மோனியா 0.5, நைட்ரேட் 80, மேடை வெப்பம் 27 டிகிரி. தவறு எங்கே?

திட்டு இருக்கும் இடமே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. மேல் ஓடு, கால் தோல், அடி ஓட்டின் முன்பகுதி எல்லாம் நலமாக இருந்து, பின்பகுதி மட்டும் கெட்டிருக்கிறது என்றால், நீர் முழு உடலையும் தொடுவதால் நீரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய பக்கவாட்டுப் படத்தில், ஆமை ஏறியதும் மேடையின் பின்விளிம்பு ஒரு விரல் ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்திருக்கிறது. திட்டு இருப்பது சரியாக அந்த நனைந்த பகுதியில், இரு தகடுகள் சேரும் கோட்டின் மேல். ஆமை நாள் முழுவதும் வெயில் காய்ந்தும், அந்த இடம் ஒருநாளும் உலரவில்லை.

அதற்குத் துணைபோனவை மற்ற மூன்றும். நீரின் வெப்பமும் மேடையின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் உலர்தல் மெதுவாகிறது. கண்ணாடி மூடி யுவிபியைத் தடுத்துவிட்டது. நீரின் அளவோ மிகக் குறைவு: ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் 40 லிட்டர் என்ற நடைமுறைக் கணக்கின்படி, 14 சென்டிமீட்டர் ஆமைக்கு 220 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அம்மோனியா சுழியத்துக்கு வராமல் இருப்பது இதனால்தான்.

முதலில் மேடையை மாற்றுங்கள். மருந்து அதற்குப் பிறகுதான். ஆமையின் முழு நீளத்தைவிட ஒன்றரை மடங்கு நீளமும், நீர்மட்டத்துக்கு மேல் மூன்று சென்டிமீட்டர் உயரமும் உள்ள, கால்கள் ஊன்றிய அசையாத மேடையும், அதற்கு ஏறிவரச் சரிவும் அமையுங்கள். மூடியை அகற்றி வலை வைத்து, விளக்கின் உயரத்தைச் சரிசெய்து மேடைப் பரப்பை 33 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வலையும் யுவிபியில் ஒரு பகுதியைத் தடுக்கும் என்பதால், விளக்கை வலைக்கு உட்புறம் பாதுகாப்பாகப் பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது. பெரிய தொட்டி வரும்வரை, இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி அம்மோனியாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். திட்டு சிறியது, மேற்பரப்போடு நிற்கிறது, பசியும் குறையவில்லை என்பதால், வீட்டுச் சிகிச்சையைத் தொடங்க இது ஏற்ற நிலைதான்.

எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

ஒன்றிரண்டு சிறு திட்டுகள், ஆழமில்லை, கசிவில்லை, ஆமை வழக்கம்போல் உண்டு நீந்துகிறது என்றால் வீட்டில் தொடங்கலாம். இரண்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தகடு தூக்கிக்கொண்டு அடியில் திரவமோ தயிர்க்கட்டி போன்ற பொருளோ தெரிந்தாலும், எலும்பு வெளிப்பட்டாலும், இரத்தம் கசிந்தாலும், கடும் நாற்றம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். அடி ஓட்டின் தகடுகளுக்கு அடியில் செந்நிறம் பரவியிருந்து, ஆமை உண்ணாமல் சோர்ந்து கிடந்தால், தொற்று இரத்தத்தில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்; அன்றே ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஐந்தாறு சென்டிமீட்டருக்கும் குறைந்த குஞ்சாக இருந்தால், நோய் லேசாகத் தோன்றினாலும் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.

வீட்டுச் சிகிச்சையை எப்படிச் செய்வது?

மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால், வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்திலுள்ள பாசியையும் தளர்ந்த துகள்களையும் அகற்றுங்கள். தானாக வராத எதையும் பிய்க்க வேண்டாம். பிறகு 10 சதவீதப் போவிடோன் அயோடின் கரைசலில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள். அறுவைக்குமுன் கைகழுவப் பயன்படும், நுரை வரும் போவிடோன் திரவம் வேறு. அதில் சோப்பு கலந்திருப்பதால் அது ஆகாது. நீர்த்த மருந்தைப் பஞ்சில் நனைத்துத் திட்டின் மேல் பத்து நிமிடம் வைத்திருந்து, சுத்தமான நீரில் கழுவி, ஒற்றி, நன்கு உலரவிடுங்கள். காய்ந்த பிறகு, மருத்துவர் ஒப்புதலுடன் ஒரு சதவீத சில்வர் சல்ஃபடயசின் களிம்பை மிக மெல்லியதாகத் தடவலாம். நாளுக்கு ஒருமுறை இது போதும்.

போவிடோனுக்குப் பதிலாக 0.05 சதவீத அளவுக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடினும் பயன்படும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். எதையும் கண்ணிலோ வாயிலோ படவிடாதீர்கள்.

மருந்தைவிடப் பெரிய வேலையைச் செய்வது உலர்ச்சிதான். சுத்தமான பெட்டியில் உலர்ந்த துண்டு விரித்து, 26 முதல் 29 டிகிரி வெப்பத்தில், ஒரு மூலையில் வெதுவெதுப்பான இடமும் மறுமூலையில் மறைவிடமும் வைத்து, பகலில் யுவிபியுடன் ஆமையை அதில் வைத்திருங்கள். துண்டைத் தினமும் மாற்றுங்கள். குளிர்ந்த அறையில் உலர வைப்பதால் பயனில்லை, ஏனெனில் உடல் வெப்பம் குறையும்போது ஆமையின் எதிர்ப்பு சக்தியும் குறைகிறது.

தண்ணீருக்கு வெளியே வைத்தால் ஆமை தாங்குமா? எப்படிச் சாப்பிடும்?

நலமான வளர்ந்த ஆமை தாங்கும். ஆனால் தண்ணீரே காட்டாமல் வைக்கக் கூடாது. நீர்வாழ் ஆமைகள் பெரும்பாலும் நீருக்குள் இருக்கும்போதுதான் உணவை விழுங்கும். எனவே தினமும் ஒருமுறை அல்லது இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், தனிப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான சுத்தமான நீரில் விடுங்கள். அங்கேயே உண்ணும், குடிக்கும், கழிவையும் வெளியேற்றும். அதற்குப் பின் துடைத்து, மருந்திட்டு, பெட்டியில் வையுங்கள். கண்கள் உள்வாங்குவது, தோல் சுருங்குவது, வாயில் எச்சில் கெட்டியாக இழைவது ஆகியவை நீர்ச்சத்துக் குறைவின் அறிகுறிகள். அவை தெரிந்தால் நீரில் விடும் நேரத்தைக் கூட்டி, மருத்துவரையும் கேளுங்கள்.

ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்து, திட்டு கெட்டிப்பட்டதும் நீரில் விடும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். நீரை மாற்றாமல், மேடையைத் திருத்தாமல் பழைய தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் நோய் திரும்ப வந்துவிடும்.

மருத்துவர் வேறு என்ன செய்வார்?

தேவைப்பட்டால் வலிநிவாரணியோ மயக்கமோ கொடுத்து, செத்த திசுவைச் சுரண்டி எடுப்பார். ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குப் பணியும் என்று சோதிப்பார். எலும்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என எக்ஸ்ரே காட்டும். ஆழமான தொற்றுக்குக் களிம்பு போதாது. செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்து தேவைப்படலாம். ஆமையின் உடலில் மருந்து மெதுவாக வெளியேறுவதால், சில ஊசிகள் நாட்கணக்கான இடைவெளியில்தான் போடப்படும். நாய்க்கோ பூனைக்கோ மீந்த மருந்தை அளவு குறைத்துக் கொடுப்பது மிகவும் ஆபத்தானது. குறிப்பாக ஐவர்மெக்டின் ஆமைகளைக் கொன்றுவிடும்.

எண்ணெய் தடவலாமா? ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா? ஓட்டையை ஒட்டுப்பசையால் அடைக்கலாமா?

மூன்றும் வேண்டாம். எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பெராக்சைடைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஆறிவரும் திசுவும் கருகும். பசையோ நகப்பூச்சோ பூசினால் காற்று புகாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு வசதி செய்து கொடுத்ததாகும். வெளியே அழகாகத் தெரியும், உள்ளே எலும்பு அரிக்கப்படும்.

மற்ற ஆமைக்கும் எங்களுக்கும் தொற்றுமா?

ஒரே நீரில் இருக்கும் மற்ற ஆமைக்கும் அதே குறைகள் பொருந்தும் என்பதால், நோயுற்றதைப் பிரித்து வைத்து, மற்றதன் அடி ஓட்டையும் பாருங்கள். மனிதருக்கு ஓட்டழுகலைவிட, ஆரோக்கியமான ஆமையிடமும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா பாக்டீரியாதான் கவலைக்குரியது. மருந்திட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். ஆமையின் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

குணமாகிறது என்று எப்படி அறிவது? பள்ளம் நிரம்பிவிடுமா?

வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. முதலில் நாற்றமும் ஈரப்பசையும் போகும். பிறகு அந்த இடம் காய்ந்து கெட்டியாகி, விளிம்பு தெளிவான கோடாகும். மேலே சொன்ன 14 சென்டிமீட்டர் ஆமையின் பிந்தைய படங்களில் தெரிந்ததும் இதுதான்: திட்டு சுருங்கவில்லை, ஆனால் பஞ்சுக்குச்சியால் அழுத்தியபோது அமுங்கவில்லை, விளிம்பும் பரவவில்லை. திட்டின் அளவு குறையவில்லை என்று அதன் உரிமையாளர் கவலைப்பட்டார். உண்மையில் அழுத்தும்போது அமுங்காததும் விளிம்பு பரவாததுமே தொற்று நின்றுவிட்டதற்கு அடையாளம். செத்த தகடு தானாகச் சுருங்காது. அடியில் புதிய கெரட்டின் உருவாகி, பழையது உரிந்து விழும்வரை வடு அப்படியே இருக்கும்.

மேலோட்டமான திட்டு ஆறச் சில வாரங்கள் போதும்; எலும்பைத் தொட்ட புண்ணுக்குப் பல மாதங்கள், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆழமான பள்ளம் முழுதும் நிரம்பாமல், கெட்டியான வழவழப்பான குழியாகவே நின்றுவிடலாம். அது உலர்ந்தும் உறுதியாகவும் இருந்தால் அதற்கு மேல் மருந்து தேவையில்லை. அதில் பாசி தங்காமல் அவ்வப்போது பிரஷ்ஷால் துடைத்துவந்தால் போதும்.